இருநூறு தாண்டல், மூவாயிரம் ரூபாய்

கோவையிலிருந்து சேலத்துக்குக் காரில் போகிறவர் மூன்று சுங்கச்சாவடிகளைத் தாண்டுகிறார். நீலாம்பூரைக் கடந்து அவிநாசிப் பக்கம் திரும்பியதும் கணியூர். செங்கப்பள்ளிக்கும் பெருந்துறைக்கும் நடுவில் விஜயமங்கலம். குமாரபாளையம் தாண்டி, சங்ககிரியை ஒட்டி வைகுந்தம். அன்றைக்கே திரும்பிவிட்டால் ஆறு தாண்டல். 2025 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்த ஆறும் இரண்டு விதமாகக் கணக்காகலாம். ஒவ்வொரு சாவடியிலும் ஃபாஸ்டேக் பேலன்ஸிலிருந்து பணம் போகலாம், அல்லது முன்னமே கட்டிவைத்த 3,000 ரூபாயின் இருநூறில் ஆறு குறையலாம்.

அந்த ஆண்டு ஜூன் 18 அன்று மத்திய நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்கரி வருடாந்திரப் பாஸை அறிவித்தார். 2025-26 விலைப்படி 3,000 ரூபாய் கட்டினால் ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் உள்ள சாவடிகளில் மட்டும்தான் எடுபடும். சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேன் மட்டும்தான் தகுதி. விற்பனை தொடங்கிய நான்கு நாட்களில் ஐந்து லட்சம் பேர் வாங்கினார்கள் என்றும், அதில் தமிழ்நாடுதான் முதலிடம் என்றும் நெடுஞ்சாலை ஆணையம் சொன்னது. நம் ஊர்க்காரர்கள் கணக்கில் சுறுசுறுப்பானவர்கள் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் கணக்குப் போட்டுவிட்டு வாங்கினார்கள் என்பது வேறு கேள்வி.

பாஸின் பெயரே பலரைத் திசை திருப்பிவிடுகிறது. "வருசப் பாஸுன்னாங்க, வாங்கிப் போட்டேன். கார்த்திகையிலயே தீந்து போச்சுங்க" என்று அவிநாசி ரோட்டில் ஒரு நூல் ஏஜெண்ட் அலுத்துக்கொண்டார். பஸ் பாஸ் மாதிரி வருடம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். உண்மையில் இது இருநூறு சீட்டு கொண்ட ஒரு புத்தகம். வருடக் கெடு அந்தப் புத்தகத்தின் காலாவதித் தேதி, அவ்வளவுதான். இது பிடிபட்டால் மற்றக் கணக்கெல்லாம் தானாக வந்துவிடும். கிலோமீட்டரையோ நாளையோ எண்ணுவதில் பயன் இல்லை, தாண்டலை எண்ண வேண்டும்.

ஒரு சாவடியை ஒரு முறை தாண்டினால் ஒரு பயணம். போய் வந்தால் இரண்டு. உள்ளே நுழையும்போது பதிவாகி, வெளியேறும்போது தூரத்துக்குக் கட்டணம் போடும் விரைவுச்சாலைகளும் வடக்கே உண்டு. அங்கே நுழைவும் வெளியேற்றமும் சேர்ந்து ஒரே பயணம்தான். நம் 544ஆம் எண் நெடுஞ்சாலையில் அந்த ஏற்பாடு இல்லை. சாவடிக்கு ஒன்று, திசைக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். கோவையிலிருந்து பெருந்துறை போய்த் திரும்பினால் நான்கு, சேலம் ஆறு. சென்னைக்குக் கணியூர், விஜயமங்கலம், வைகுந்தத்தோடு மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம், பிறகு விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று ஒன்பது வருகிறது. போய்வர பதினெட்டு. பெங்களூருக்குச் சேலம் வழியாகப் போனால் முதல் மூன்றோடு ஓமலூர், தொப்பூரைத் தாண்டியதும் பாளையம், கிருஷ்ணகிரி, கர்நாடக எல்லை தாண்டியதும் அத்திப்பள்ளி என ஏழு. போய்வர பதினான்கு.

3,000ஐ 200ஆல் வகுத்தால் தாண்டலுக்கு 15 ரூபாய். அமைச்சர் சொன்ன கணக்கும் இதுதான். காருக்கு 15 ரூபாய்க்கும் குறைவாக வாங்கும் சாவடி இந்தப் பாதைகளில் ஒன்றும் கிடையாது. ஆகவே இருநூறையும் தீர்த்துவிடுகிறவருக்குப் பாஸ் லாபமா என்ற கேள்வியே எழாது. எத்தனையாவது தாண்டலில் போட்ட பணம் திரும்புகிறது, அந்த இடத்துக்கு வருடத்துக்குள் போய்ச் சேருவோமா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் பலர் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பாஸ் இல்லாதவர் போகும்போதும் வரும்போதும் முழுக் கட்டணம் கட்டுவதில்லை. 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால், இரண்டுக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்குதான். 100 ரூபாய்ச் சாவடி என்றால் போகும்போது 100, திரும்பும்போது 50. ஃபாஸ்டேக்கில் இது தானாகவே நடக்கிறது. வருடாந்திரப் பாஸில் இந்தச் சலுகைக்கு இடமில்லை. திரும்பும் தாண்டலும் முழுசாக ஒன்று என்றே கழியும். அதனால் "100 ரூபாய் டோலில் முப்பது தடவை போனால் மூவாயிரம்" என்று போடும் கணக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் சரி. அன்றாடம் போய்த் திரும்புகிறவருக்கு ஒரு சுற்றுக்கு 150 ரூபாய்தான் செலவு. இருபது சுற்று, அதாவது நாற்பது தாண்டல் போனால்தான் 3,000 வரும். சூத்திரமாகச் சொன்னால், ஒருவழிக் கட்டணத்தால் 3,000ஐ வகுத்தால் எத்தனை ஒருவழித் தாண்டல் என்று தெரியும், 2,000ஐ வகுத்தால் எத்தனை நாள்-சுற்று என்று தெரியும்.

இனி ஒருவரின் வருடத்தைப் பிரித்துப் பார்க்கலாம். சாவடிக்குச் சாவடி கட்டணம் மாறும். தமிழ்நாட்டில் சில சாவடிகளுக்கு ஏப்ரலிலும் சிலவற்றுக்குச் செப்டம்பரிலும் விலை ஏறுகிறது. ஆகவே கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லாச் சாவடிக்கும் ஒருவழி 80 ரூபாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். வாசகர் தம் பாதையின் உண்மைத் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கோவையில் இருக்கும் நூல் வியாபாரி ஒருவர் மாதம் இரண்டு முறை சேலம் போய் அன்றைக்கே வருகிறார். வருடத்துக்கு இரண்டு முறை சென்னை, ஒரு முறை பெங்களூர். இந்த இரண்டு ஊரிலும் ராத்தங்கல் உண்டு, 24 மணி நேரத்துக்குள் திரும்ப மாட்டார். சேலத்துக்கு 24 சுற்று, 144 தாண்டல். சென்னை இரண்டு சுற்றுக்கு 36. பெங்களூர் 14. மொத்தம் 194. சேலத்துக்கு இன்னொரு அவசரப் பயணம் வந்தாலும் சரியாக 200இல் முடியும்.

பாஸ் இல்லாமல் போனால் இவருக்கு ஆகும் செலவைப் பார்ப்போம். சேலம் ஒரு சுற்றுக்குச் சாவடிக்கு 120 வீதம் மூன்றுக்கு 360. இருபத்து நான்கு சுற்றுக்கு 8,640. சென்னைக்குச் சலுகை கிடையாது, சுற்றுக்கு 1,440, இரண்டுக்கு 2,880. பெங்களூருக்கு 1,120. கூட்டினால் 12,640. பாஸுக்கு 3,000 போக மிச்சம் 9,640. சேலம் பயணத்தை மட்டும் எடுத்தாலே ஒன்பதாவது சுற்றில் போட்ட பணம் திரும்பிவிடுகிறது. இவரைப் போன்றவர் யோசிக்கவே வேண்டியதில்லை.

இதே வியாபாரி மாதம் மூன்று முறை சேலம் போகிறார் என்றால்? சேலம் மட்டுமே 216 தாண்டல். சென்னையும் பெங்களூரும் சேர்ந்தால் 266. ஒன்பதாவது மாதவாக்கில் புத்தகம் தீர்ந்துவிடும். தீர்ந்த மறு தாண்டலிலிருந்து டேக் பழையபடி சாதாரண ஃபாஸ்டேக்காக மாறி, பேலன்ஸிலிருந்து முழுத் தொகை போகத் தொடங்கும். மேலே சொன்ன ஏஜெண்ட்டுக்கு நடந்தது இதுதான். ஆனால் வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இருநூறு தீர்ந்த அன்றைக்கே அடுத்த பாஸை வாங்கலாம், அதற்குப் புதிதாக ஒரு வருடக் கெடு தொடங்கும். மிச்சமிருக்கும் 66 தாண்டலைத் தாண்டியும் அந்த இரண்டாவது புத்தகம் அடுத்த வருடத்துக்குள் நீளும், அதனால் எதுவும் வீணாவதில்லை. அதிகமாக ஓடுகிறவருக்கு இந்தப் பாஸ் வருடாந்திரமே இல்லை. தாண்டலுக்கு 15 ரூபாய் என்ற நிலையான விலை மட்டும்தான். வருடக் கெடுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் குறைவாக ஓடுகிறவர்தான்.

அப்படிக் குறைவாக ஓடும் ஒரு குடும்பம். கோவையில் வீடு, பெருந்துறைப் பக்கம் சொந்தங்கள். கல்யாணம், காது குத்து, எழவு என்று வருடத்தில் ஆறு முறை போய்வருகிறார்கள். இரண்டு சாவடி, நாள்-சுற்றுக்கு 240 ரூபாய், ஆறுக்கு 1,440. நடுவில் சென்னைக்கு ஒரு பயணம், 1,440. மொத்தம் 2,880. பாஸ் வாங்கினால் 120 ரூபாய் நஷ்டம். இன்னொரு விசேஷம் வந்துவிட்டால் 120 ரூபாய் லாபம். இந்த எல்லையில் நிற்பவர்களுக்குப் பாஸ் வாங்கினாலும் ஒன்றுதான், வாங்காவிட்டாலும் ஒன்றுதான். முன்பணமாக மூவாயிரத்தை முடக்க மனம் இல்லையென்றால் விட்டுவிடலாம். பெருந்துறைக்கு மட்டும் போகிறவர் என்றால் 13 நாள்-சுற்று போனால்தான் 3,120 ஆகும். மாதத்துக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல். அந்த அளவுக்குச் சொந்தபந்தம் கொங்கில் பலருக்கு உண்டு என்பது வேறு விஷயம்.

இதுவரை சொன்னது பாஸா, தாண்டும்போது காசா என்ற இரட்டைக் கேள்விக்கு. தினமும் ஒரே சாவடியைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்குக் கேள்வி இரண்டோடு முடிவதில்லை. அவருக்கு நான்கு வழி உண்டு. எனக்குத் தெரிந்து அதிகமாக ஏமாறுவதும் அவர்தான்.

கருமத்தம்பட்டியில் குடியிருந்து பீளமேட்டில் வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். நடுவில் கணியூர். மாதம் 25 நாள் வேலை, 50 தாண்டல். மேலே வைத்த அதே 80 ரூபாய்க் கணக்கில் பார்த்தால், பாஸ் எதுவும் இல்லாமல் அவருக்கு நாளுக்கு 120, மாதத்துக்கு 3,000. ஒரு வருடாந்திரப் பாஸின் முழு விலை ஒரே மாதத்தில் போய்விடுகிறது.

2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளிலேயே சாதாரண மாதப் பாஸ் ஒன்று இருக்கிறது. 50 ஒருவழிப் பயணத்தின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கட்டினால் மாதத்தில் 50 தடவை போகலாம். 80 ரூபாய்ச் சாவடியில் அது 2,667 ரூபாய். 24 மணி நேரச் சலுகை கிடைக்கிறவருக்கு இதில் மிச்சமாவது கொஞ்சம்தான். வருடாந்திரப் பாஸ் வந்த பிறகு, கார் வைத்திருப்பவருக்கு இந்த மாதப் பாஸ் செத்துப்போன சரக்கு. அதே 50 தாண்டலுக்கு வருடாந்திரப் பாஸில் 750 ரூபாய்தான் ஆகிறது. 2,667 எங்கே, 750 எங்கே.

நான்காவதுதான் பலர் மறந்துவிடும் லோக்கல் பாஸ். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும், வாடகைக்கு ஓடாத வண்டிக்கு மாதத்துக்கு ஒரு சொற்பத் தொகை. 2007-08இல் 150 ரூபாய் என்று விதியில் எழுதிவைத்து, வருடாவருடம் ஏற்றிக்கொண்டு வந்து, 2025-26இல் அது 350 ரூபாய். இதற்குத் தாண்டல் எண்ணிக்கை இல்லை. அந்த ஒரு சாவடியை அந்த மாதம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் தாண்டலாம். சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இருந்தால் தர வேண்டியதில்லை என்று ஒரு நிபந்தனையும் விதியில் உண்டு. அதனால் உங்கள் சாவடியில் கிடைக்குமா என்பதைச் சாவடி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தையும் முகவரிச் சான்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது. முகவரி 20 கிலோமீட்டருக்குள் என்பதைக் காட்டியாக வேண்டும்.

கருமத்தம்பட்டிக்காரருக்கு லோக்கல் பாஸ் வருடத்துக்கு 4,200. வருடாந்திரப் பாஸ் என்றால் 600 தாண்டலுக்கு மூன்று புத்தகம், 9,000. பேப்பரில் பார்க்கும்போது "வருடத்துக்கு 3,000" என்பது "மாதத்துக்கு 350" என்பதைவிட மலிவாகத் தெரியும். அவருக்கு உண்மை நேர்மாறு. முதல் பாஸை வாங்கி மகிழ்ச்சியாக இருந்துவிட்டு, நாலாம் மாத முடிவில் டேக்கில் பேலன்ஸ் கரைவதைப் பார்த்துத் திடுக்கிடுகிறவர் இவர்தான்.

எங்கே கோடு போடலாம்? 350ஐ 15ஆல் வகுத்தால் 23 சொச்சம். ஒரே சாவடியை மாதத்தில் 24 தடவையோ அதற்கு மேலோ, அதாவது 12 நாள்-சுற்றாவது தாண்டுகிற உள்ளூர்க்காரருக்கு லோக்கல் பாஸ். அதற்குக் குறைவாகத் தாண்டுகிறவருக்கும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் போய் மற்ற நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி. பிள்ளைகளுக்கும் வருடாந்திரப் பாஸ். 20 கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருக்கும் தினசரிப் பயணிக்குத் தேர்வே இல்லை. வருடாந்திரப் பாஸை நான்கு மாதத்துக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்படி வாங்கினாலும் மாதம் 750. முன்பு கொடுத்ததில் கால் பங்கு.

லோக்கல் பாஸுக்கு ஒரு குறை உண்டு. அந்தச் சாவடியைத் தாண்டி அடுத்த சாவடிக்குப் போனால் அங்கே அது செல்லாது. கருமத்தம்பட்டிக்காரர் ஈரோடு போனால் விஜயமங்கலத்தில் முழுக் கட்டணம்தான். வார நாளில் கணியூர், வார இறுதியில் ஊர் ஊராய்ப் பயணம் என்று இரண்டும் உள்ளவர், ஒரே டேக்கில் இரண்டு பாஸும் இருந்தால் கணியூரில் எது முதலில் கழியும் என்று சாவடி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இரண்டையும் எடுக்க வேண்டும். தினசரித் தாண்டலை வருடாந்திரப் புத்தகம் தின்றுகொண்டிருந்தால் லோக்கல் பாஸுக்குக் கொடுத்த காசு தண்டம்.

மேலே போட்டதெல்லாம் அனுமானக் கணக்கு. சொந்தக் கணக்குப் போட ஒரே ஒரு காகிதம் போதும்: டேக் கொடுத்த வங்கியின் தளத்தில் கிடைக்கும் கடந்த பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட். 24 மணி நேரச் சலுகையெல்லாம் போகத்தான் அதில் தொகை இருக்கும் என்பதால் சூத்திரம்கூட வேண்டாம். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் தொகையை மட்டும் கூட்டிப் பார்த்தால் போதும். பாஸின் விலையைத் தாண்டினால் வாங்கலாம், தாண்டாவிட்டால் வேண்டாம்.

ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே கூட்டிவிடக் கூடாது. பார்க்கிங்குக்குக் கழிந்த தொகை இதில் சேராது. மாநில அரசும் உள்ளாட்சியும் நடத்தும் சாவடிகளும் சேராது. பெங்களூரில் ஓசூர் ரோட்டிலிருந்து மைசூர் ரோட்டுக்குச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு தேசிய நெடுஞ்சாலை அல்ல, அங்கே வருடாந்திரப் பாஸ் செல்லாது. ஊட்டிக்குப் போகிறவர்கள் நீலகிரி நுழைவில் கட்டும் பசுமைக் கட்டணமும் இதற்குச் சம்பந்தமில்லாத வேறு கணக்கு. இதற்கெல்லாம் பாஸ் வாங்கிய பிறகும் டேக்கில் பேலன்ஸ் வைத்திருக்க வேண்டும்.

கோவைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை போகும் எல் அண்டு டி பைபாஸில் ஆறு இடங்களில் வசூல் நடந்துவந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து சாவடிகள் போய், மதுக்கரையில் மட்டும் வசூல் என்று ஆனது. வருடாந்திரப் பாஸ் வருவதற்கு இரண்டே வாரம் முன்னால். ஒண்டிப்புதூர், செட்டிபாளையம் பக்கம் இருந்து பைபாஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர், அதற்கு முந்தைய ஸ்டேட்மென்ட்டை வைத்துக் கணக்குப் போட்டால் இனி செலவாகவே போகாத பணத்தை மிச்சம் என்று எழுதிக்கொள்வார். கடந்த வருடம் கட்டியதல்ல, வரும் வருடம் கட்டப்போவதுதான் பாஸோடு ஒப்பிட வேண்டிய தொகை.

கேரளப் பக்கமும் இதே பாடம். வாளையாரைத் தாண்டியதும் பாம்பாம்பள்ளம், வடக்கஞ்சேரியில் பன்னியங்கரை, திருச்சூரைக் கடந்ததும் பாலியேக்கரை என்று கொச்சிக்குப் போகிறவருக்கு வரிசையாகச் சாவடி. சாலை மோசமாக இருக்கிறது, நெரிசல் தீரவில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 6 அன்று பாலியேக்கரையில் வசூலை நிறுத்திவைத்தது. அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே எல்லோருக்கும் இலவசம். பாஸ் வாங்கியவருக்குத் தாண்டல் கழியவில்லை என்பது உண்மைதான், ஆனால் வருடக் கெடு ஓடிக்கொண்டே இருந்தது. கொச்சியை மட்டுமே நம்பி ஆகஸ்ட் 15 அன்று பாஸ் எடுத்தவருக்கு அந்த இரண்டு மாதம் எதிர்பார்த்த லாபத்தில் துண்டு விழுந்தது.

வாங்கும் முறையில் சிக்கல் ஒன்றுமில்லை. ராஜ்மார்க் யாத்ரா என்ற செயலியிலோ நெடுஞ்சாலை ஆணையத்தின் தளத்திலோ வண்டி எண்ணைக் கொடுத்தால், வாகன் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்துவிட்டுப் பணம் கேட்கும். டேக்கில் இருக்கும் பேலன்ஸிலிருந்து இந்த 3,000ஐக் கழித்துக்கொள்ள முடியாது, தனியாகத்தான் கட்ட வேண்டும். இருக்கிற டேக்கிலேயே பாஸ் ஏறிவிடும், புதிய டேக் வேண்டாம். சிக்கல் வருவது இரண்டு இடத்தில். புதுக் கார் வாங்கும்போது ஷோரூமிலேயே ஒட்டிக்கொடுக்கும் டேக், நம்பர் வருவதற்கு முன் சேஸிஸ் எண்ணில் பதிவாகியிருக்கும். அதை வங்கியில் வண்டி எண்ணுக்கு மாற்றினால்தான் பாஸ் ஏறும். கே.ஒய்.சி. முடிக்காமல் கறுப்புப் பட்டியலில் போன டேக்கிலும் ஏறாது. கண்ணாடியில் ஒட்டாமல் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு கையில் தூக்கிக் காட்டுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படிக் காட்டினால் டேக்கையே முடக்குவார்கள். டேக் முடங்கினால் பாஸும் அதோடு போய்விடும். டேக் இல்லாமல் வருகிறவருக்கு 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் ஒன்றேகால் மடங்கு, ரொக்கத்தில் இரண்டு மடங்கு என்று வைத்தார்கள்.

மஞ்சள் போர்டு வண்டி எதற்கும் இது கிடையாது. திருப்பூரில் பீஸ் கட்டு ஏற்றிக்கொண்டு ஓடும் சின்ன யானைக்கும், கால் டாக்சிக்கும், பொலீரோ பிக்கப்புக்கும் பழைய கட்டணம்தான். இந்தச் சாலைகளில் உண்மையிலேயே தினமும் ஓடுவது அவைதான் என்பதால், பாஸ் யாருக்காக வந்தது என்ற முணுமுணுப்பு கொங்கில் எழுவதில் நியாயம் இருக்கிறது.

பாஸ் ஒரு வண்டிக்குத்தான், ஒரு குடும்பத்துக்கு அல்ல. வீட்டில் இரண்டு கார் இருந்தால் நீண்ட பயணமெல்லாம் பாஸ் இருக்கும் காரில் என்று வைத்துக்கொள்ள வேண்டும். வருட நடுவில் காரை விற்றால் பாஸ் வாங்குகிறவருக்கும் போகாது, பணமும் திரும்பாது. ஆறு மாதத்தில் வண்டி மாற்ற நினைப்பவர், அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே 3,000 ரூபாய்க்கு மேல் தாண்டுவாரா என்று பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு பார்க்க வேண்டியது மிச்ச எண்ணிக்கை. பணம் கழியும்போது இரட்டைக் கழிவு வந்தால் கண்ணில் படும். தாண்டல் கழியும்போது அது எளிதில் தெரியாது. நீண்ட பயணம் முடிந்த அன்றே செயலியைத் திறந்து, சென்னை போய்வந்ததற்குப் பதினெட்டுத்தான் குறைந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. கூடுதலாகக் கழிந்திருந்தால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணில் சாவடி பெயரையும் நேரத்தையும் சொல்லிப் புகார் பதியலாம்.

எப்போது வாங்குவது என்பதிலும் கொஞ்சம் காசு இருக்கிறது. கெடு தொடங்குவது பாஸ் செயல்படும் நாளிலிருந்து, ஜனவரியிலிருந்தோ ஏப்ரலிலிருந்தோ அல்ல. 2025-26க்கு வைத்த விலை 3,000. ஆண்டுதோறும் ஏப்ரலில் அதைத் திருத்துவதற்கு விதியில் இடம் உண்டு. அப்படித் திருத்தினாலும் சில சதவீதம்தான் ஏறும், நூறு ரூபாய் மிச்சம் என்று மார்ச் கடைசியில் ஓடிப்போய் வாங்கிவிட்டு ஆனி வரை வண்டியை ஷெட்டில் நிறுத்திவைத்தால் அதைவிட அதிகம் நஷ்டம். மாதம் ஒரு பயணம் போகிற குடும்பத்துக்கு அந்த மூன்று மாதம் என்பது மூன்று பயணம், மேலே பார்த்த எல்லைக் கணக்கில் லாபத்தை நஷ்டமாக்க அதில் ஒன்றே போதும். முதல் நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் காலையில் வாங்கினால் போதும். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் பாஸ் செயல்படத் தொடங்கிவிடும், சில நேரம் ஒரு நாள் வரை ஆகலாம். கணியூரை நெருங்கும்போது போனை எடுத்து வாங்க முயன்றால் அன்றைய மூன்று சாவடிக்கும் காசுதான்.